வட்ஸ்அப்பில் ஒரு கடை நடத்துவது எப்படி?

எங்கள் ஊரில் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள் பலர். ஒருவர் அபாயா தைக்கிறார், ஒருவர் கேக் செய்கிறார், இன்னொருவர் பெருநாளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறார். இவர்களில் அனேகருக்குக் கடை என்று தனியாக ஒன்றில்லை. கையிலிருக்கும் தொலைபேசிதான் கடை. ஓடர் வருவதும் விலை பேசுவதும் குறை சொல்வதும் வட்ஸ்அப்பில்தான்.

ஒரு கடைக்குச் சில அடிப்படைப் பொருட்கள் உண்டு. பேசி முடித்ததை எழுதி வைக்க ஒரு பில் புத்தகம், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் ஒரு மேசை, இரவானால் இழுத்து மூட ஒரு கதவு. வட்ஸ்அப்பில் இந்த மூன்றும் இல்லை. சாச்சி அனுப்பும் பகிடியும் வாடிக்கையாளர் அனுப்பும் அளவும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே அந்த மூன்றும் செய்யும் வேலையை நாம் எழுதும் சொற்களே செய்ய வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளரிடம் தொழிலுக்குரிய தொனியில் பேசுவது என்றால் இதுதான் என்று நான் விளங்கியிருக்கிறேன்.

என் ராத்தா ஐந்து வருடங்களாக அபாயா தைக்கிறார். அவருடைய கை தையல் மெசினில் இருக்கும்போது தொலைபேசியைப் பார்ப்பது என் பொறுப்பு. அங்கே நான் கண்டவற்றையும், செய்து பார்த்துப் பயன் கண்டவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

பில் புத்தகம்: குரல்பதிவை எழுத்தாக்குதல்

எங்களுக்கு வரும் ஓடர்களில் பாதிக்கு மேல் குரல்பதிவாகவே வரும். எழுதுவதைவிடப் பேசுவது இலகு. சமையலறையில் நின்றபடியே பேசி அனுப்பிவிடலாம். ஆனால் பேசுபவருக்கு இலகுவானது கேட்பவருக்கு இலகுவாக இருப்பதில்லை. எழுத்தில் வந்த செய்தியை ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். மூன்று நிமிடப் பதிவை மூன்று நிமிடமும் கேட்டே ஆக வேண்டும். வேகத்தைக் கூட்டிக் கேட்கலாம்தான், ஆனால் அளவு சொல்லும் இடம் வந்தால் மறுபடியும் மெதுவாக்கத்தான் வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் பத்து நாட்களுக்குப் பிறகு வரும். “கையின் அளவு என்ன?” என்று தேட நினைத்தால், எழுத்தில் இருப்பதைத் தேடல் பெட்டியில் தேடி எடுக்கலாம். குரலில் இருப்பதை அப்படி எடுக்க முடியாது.

ஒரு முறை ஒரு மாமி, செவ்வாய்க்கிழமை இரவு 10.40க்கு, ஏறக்குறைய மூன்று நிமிடப் பதிவொன்றை அனுப்பியிருந்தார். மகளின் திருமண விருந்து, தன் தங்கையின் சுகயீனம், துணிக்கடையில் விலை கூடியிருப்பது எல்லாம் அதில் இருந்தன. அவற்றுக்கிடையே ஓடரும் இருந்தது: நிதா துணியில் ஒரு அபாயா, உயரம் 56, கை நீளமாக, “கல்லு வேல கொஞ்சம்”, நிறம் “கறுப்பு, இல்லாட்டி கடும் நீலம்”, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

இப்படி ஒரு பதிவு வந்தால் நான் ஒரு தாளும் பேனையும் எடுத்துக்கொண்டுதான் கேட்பேன். முதல் தடவை முழுவதும் கேட்பேன். இரண்டாம் தடவை எண், நிறம், திகதி மூன்றையும் குறிப்பேன். பிறகு அதை எழுத்தில் திருப்பி அனுப்புவேன். புதன்கிழமை காலை அந்த மாமிக்கு அனுப்பியது இதுதான்:

“அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. உங்கள் பதிவைக் கேட்டோம். நாங்கள் விளங்கிக்கொண்டது:
1. நிதா துணியில் அபாயா, உயரம் 56 அங்குலம்.
2. கை மணிக்கட்டு வரை, 23 அங்குலம்.
3. கல் வேலை கையின் ஓரத்தில் மட்டும், முன்பக்கத்தில் இல்லை.
4. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு எடுத்துக்கொள்ளலாம்.
5. விலை 8,500 ரூபா, முற்பணம் 4,000 ரூபா.
நிறம் கறுப்பா, கடும் நீலமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.”

இந்தச் செய்தியில் கவனிக்கச் சில விஷயங்கள் இருக்கின்றன. “கொஞ்சம்” என்ற சொல் “கையின் ஓரத்தில் மட்டும்” என்று மாறியிருக்கிறது. “கொஞ்சம்” என்பதை அவர் ஒரு விதமாகவும் ராத்தா ஒரு விதமாகவும் நினைக்கலாம். “கையின் ஓரத்தில்” என்பதை இருவரும் ஒன்றாகவே நினைப்பார்கள். “முன்பக்கத்தில் இல்லை” என்று இல்லாததையும் எழுதியிருக்கிறோம். பின்னால் வரும் வாக்குவாதங்களில் அனேகமானவை, இருப்பதைப் பற்றியல்ல, இருக்கும் என்று ஒருவர் தானாக நினைத்துக்கொண்டதைப் பற்றியே வருகின்றன. “நாங்கள் விளங்கிக்கொண்டது” என்ற சொற்களும் காரணத்தோடுதான் வந்தன. “நீங்கள் சொன்னது” என்று எழுதினால், பிழை இருக்கும்போது அவரைத் திருத்துவது போலாகிவிடும். “நாங்கள் விளங்கிக்கொண்டது” என்றால் அவர் நம்மைத் திருத்துவார். திருத்துவது அவருக்கும் இலகு.

இதற்கு மாமியிடமிருந்து வந்த பதில் உயர்த்திய பெருவிரல் மட்டும்.

பெருவிரல் எதற்குப் பதில்? ஐந்து விடயத்துக்கும் சம்மதமா? செய்தியைப் பார்த்துவிட்டேன் என்று மட்டுமா? “கறுப்பா, நீலமா?” என்ற கேள்விக்குப் பெருவிரல் எப்படி விடையாகும்? இந்த இடத்தில் “அவர் சரியென்றுதான் சொல்லியிருப்பார்” என்று நாமே முடிவெடுத்துத் துணியை வெட்டினால், அந்தத் துணியின் விலை நம்முடையது. வெட்டிய துணியை மீண்டும் ஒட்ட முடியாது. ஆகவே பணம், அளவு, திகதி இம்மூன்றிலும் பெருவிரலைச் சம்மதமாக எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் சட்டமாகச் சொன்னால் கோபம் வரும். “மாமி, துணி வெட்டமுதல் ஒரு சொல்லில் எழுதி அனுப்பிவிடுங்கள், கறுப்பா நீலமா?” என்று காரணத்தையும் சேர்த்துக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

அவர் எழுதிய பதில் ஆங்கில எழுத்தில் இருந்தது: karuppu. kai neelam. uyaram 54 podunga.

பார்த்தீர்களா, உயரம் 56 இல்லை, 54. அதை எழுத்தில் கண்ட பிறகுதான் தான் மாறிச் சொன்னது அவருக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் இங்கே புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது நீளமும் நீலமும் ஒன்றாகிவிடுகின்றன. kai neelam என்றால் கை நீளமாக வேண்டுமா, கறுப்பு அபாயாவுக்கு நீல நிறத்தில் கை வேண்டுமா? இரண்டு விதமாகவும் தைப்பவர்கள் உண்டு. இப்படியான இடத்தில் அதே சொல்லைத் திருப்பிக் கேட்டால் அதே குழப்பம்தான் திரும்பி வரும். எண்ணில் கேட்க வேண்டும்: “கையும் கறுப்புத்தானே மாமி, நீளம் 23 அங்குலம்?” அதற்கு “ஓம், கையும் கறுப்பு, 23” என்று வந்தது. அந்தச் செய்திக்கு நட்சத்திரமிட்டு வைத்தேன். முற்பணம் வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு ராத்தா துணியை வெட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அபாயாவைக் கையில் எடுத்த மாமி, “முன்பக்கத்தில் கல்லு வரல்லியே?” என்றார். நான் நட்சத்திரமிட்ட செய்திகளைத் திறந்து மூன்றாம் வரியைக் காட்டினேன். “ஓ, நானும் சரியென்டுதான் சொல்லீக்கன்” என்று சிரித்துவிட்டு மீதிப் பணத்தைத் தந்தார். முன்பக்கத்துக்கும் கல் வைக்க மேலதிகமாக எவ்வளவு என்று கேட்டு, அதையும் ஓடராகக் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்து இல்லாதிருந்தால் அதே கேள்வி ஒரு சண்டையாகி, ஒரு வாடிக்கையாளரும் போயிருப்பார்.

நாம் குரல்பதிவு அனுப்பவே கூடாதா என்று கேட்கலாம். வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு அது தேவை. அப்படியென்றால் எழுத்தில் அனுப்பிய பிறகு, அதையே அரை நிமிடத்துக்குள் வாசித்து அனுப்பலாம். எழுத்து பில்லாக இருக்கும், குரல் அதற்கு விளக்கமாக இருக்கும்.

மேசை: யார் கேட்கிறார், யார் பார்க்கிறார்

கடையில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரை நமக்குத் தெரியும். தொலைபேசியில் அப்படியில்லை. “தாத்தா கிண்ணியா” என்று நாம் சேமித்து வைத்திருக்கும் இலக்கம் அவருடைய கணவருடையதாக இருக்கலாம். பகலில் அவரிடமும் இரவில் பிள்ளைகளிடமும் அந்தத் தொலைபேசி இருக்கலாம். இதை மனதில் வைத்தால் பல கேள்விகளுக்குத் தானாகவே விடை வந்துவிடும்.

முதலாவது, அளவுகள். ஒரு பெண்ணின் உடல் அளவுகளைக் குரலில் சொல்லி அனுப்பினால், அதை அவர் வீட்டு முன்னறையில் எல்லோரும் இருக்கும்போது அழுத்திவிட்டால் என்னாகும்? தொலைபேசியைக் காதில் வைத்தால் பதிவு காதுக்குள் மட்டும் கேட்கும். ஆனால் அனேகர் கையில் வைத்துச் சத்தமாகத்தான் கேட்கிறார்கள். ஆகவே உடல் அளவுகளை எங்கள் பக்கத்திலிருந்து ஒருபோதும் குரலில் அனுப்புவதில்லை. எழுத்தில்கூட அபாயாவின் உயரம், கையின் நீளம் என்பவற்றைத்தான் செய்தியில் வைப்போம். மற்றவை ராத்தாவின் அளவுக் கொப்பியில் இருக்கும், செய்தியில் “உங்கள் அளவு கொப்பியில் உள்ளபடி” என்று வரும்.

இரண்டாவது, இமோஜி. சிவப்பு இதயம், முத்தமிடும் முகம், ரோசாப்பூ ஆகியவற்றை நாம் தோழிகளுக்குள் கணக்கில்லாமல் அனுப்புகிறோம். அங்கே அவற்றுக்குப் பெரிய அர்த்தம் ஒன்றுமில்லை. அதே இதயம், ஒரு பெண் தையற்காரியின் இலக்கத்திலிருந்து ஒரு கணவரின் தொலைபேசித் திரையில் இரவில் தோன்றினால், அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். விளக்கம் சொல்ல அங்கே நாம் இருக்க மாட்டோம். அனுப்பிய பெண்ணுக்கும் பெற்ற பெண்ணுக்கும் அது தலையிடிதான்.

இமோஜியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெறும் எழுத்து சில வேளை கோபமாகத் தோன்றும். “நாளைக்கு முடியாது.” என்பதில் அந்த முற்றுப்புள்ளியே கதவை அறைந்து சாத்துவது போலிருக்கும். ஆனால் அதற்கு மருந்து சிரிக்கும் முகமல்ல, ஒரு மேலதிக வாக்கியம்: “நாளைக்கு முடியாது, கையில் மூன்று அபாயா இருக்கிறது. வியாழன் காலை தரலாம்.” காரணமும் மாற்றுவழியும் வந்தபின் முகம் தேவைப்படாது. நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: வேலை முடிந்து பணமும் கிடைத்து நன்றி சொல்லும்போது ஒரு புன்னகை முகம் போகலாம். விலை, தாமதம், குறை பற்றிய செய்திகளில் எதுவும் போகாது. தாமதத்தைச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்பைப் போட்டால், நம் தாமதத்தை நாமே பகிடியாக எடுக்கிறோம் என்றுதான் காத்திருப்பவர் நினைப்பார். குறை சொல்பவருக்கு அழுகிற முகத்தை அனுப்பினால், அவர் நம்மைத் தேற்ற வேண்டியவராகிவிடுகிறார்.

மூன்றாவது, அழைக்கும் முறை. “டியர்”, “ஹனி”, “சிஸ்” என்று எல்லோரையும் அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த இலக்கத்தில் எழுதுவது யாரென்று தெரியாத நிலையில் “டியர்” என்பது ஆபத்து. தெரிந்தவரை அவருடைய முறை சொல்லி மாமி, தாத்தா என்றும், ஆசிரியைகளை மிஸ் என்றும் அழைக்கிறோம். தெரியாதவருக்கு முறையே வேண்டாம், “நீங்கள்” போதும். சலாமை இரண்டு மூன்று ஆங்கில எழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக எழுதுகிறோம். தமிழ்ச் சகோதரி ஒருவருக்கு வணக்கம், சிங்களப் பெண்மணிக்கு அவர் எந்த மொழியில் எழுதினாரோ அந்த மொழியில் ஒரு வாழ்த்து. மொழி எதுவானாலும் அளவும் விலையும் திகதியும் எண்ணிலேயே போகும். எண்ணை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

கதவு: இரவு நேரச் செய்திகள்

இரவு 11 மணிக்கு ஒரு செய்தி வருகிறது. விழித்துத்தான் இருக்கிறோம், பதில் எழுத ஒரு நிமிடம் போதும். எழுதினால் என்ன? அந்த ஒரு பதிலில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கடை 11 மணிக்கும் திறந்திருக்கும் என்று அவருக்கு நாம் சொல்லிவிட்டோம். நாளை அதே நேரத்தில் பதில் வராவிட்டால், இரவு தூங்கியது குற்றமாகிவிடும். எங்கள் நேரத்தை அறிவிப்பது எழுதி வைத்திருக்கும் நேர அட்டவணையைவிட நாம் பதில் அனுப்பும் நேரமே.

இதற்காக வட்ஸ்அப்பின் தொழில் பதிப்பில் ஒரு வசதி இருக்கிறது. WhatsApp Business செயலியில் Away message என்ற இடத்தில் ஒரு செய்தியை எழுதி வைத்து, Outside of business hours என்பதைத் தெரிவு செய்தால், நாம் குறித்த வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்கு அது தானாகப் போகும். யாருக்கெல்லாம் போகக்கூடாது என்றும் அதில் தெரிவு செய்யலாம். இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருக்கும் வாப்பா இரவில் எழுதினாலும் “கடை மூடியுள்ளது” என்று பதில் போகும். ஒன்றை மறக்கக்கூடாது: நம் தொலைபேசியில் இணைய இணைப்பு இருந்தால்தான் அந்தச் செய்தி போகும். டேட்டாவை நிறுத்திவிட்டுப் படுப்பவர்களுக்கு இது உதவாது. எங்கள் செய்தி இப்படி இருக்கிறது:

“உங்கள் செய்தி கிடைத்தது. எங்கள் நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை. நாளை காலை 10 மணிக்குள் பதில் எழுதுவோம்.”

“விரைவில்” என்று எழுதவில்லை. விரைவில் என்பது காத்திருப்பவருக்கு ஐந்து நிமிடம், தைப்பவருக்கு அரை நாள். 10 மணி எல்லோருக்கும் 10 மணிதான். அப்படி எழுதிவிட்டு 10 மணிக்குள் எழுதாமல் விட்டால், எழுதாமலே இருந்திருக்கலாம்.

இரவில் வரும் குரல்பதிவில் இன்னொரு நுட்பம் உண்டு. செய்தியை வாசித்ததைக் காட்டும் நீல அடையாளங்களை அமைப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று பலருக்குத் தெரியும். ஆனால் குரல்பதிவைக் கேட்டதைக் காட்டும் நீல ஒலிவாங்கி அதனால் நிற்பதில்லை. நாம் கேட்டுவிட்டோம் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாதிருப்பது, கடைக்குள் விளக்கு எரிய, தட்டியும் திறக்காதிருப்பதற்குச் சமம். ஆகவே பதில் சொல்லப்போகாத நேரத்தில் நான் பதிவை அழுத்துவதில்லை.

நோன்பு மாதத்தில் எங்கள் ஊரின் கடிகாரமே மாறிவிடும். தராவீஹ் முடிந்துதான் பெண்கள் தொலைபேசியை எடுப்பார்கள், ராத்தாவும் அப்போதுதான் மெசினில் உட்காருவார். அந்த மாதத்தில் பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. தலைநோன்புக்கு முன்பே “இம்மாதம் பதில் நேரம் இரவு 9.30 முதல் 11.30 வரை. பெருநாள் ஓடர் 15ஆம் நோன்போடு நிறுத்தப்படும்” என்று எல்லோருக்கும் எழுதிவிடுவோம். இரவில் பதில் எழுதுவது தவறல்ல. முன்கூட்டியே சொல்லாத நேரத்தில் எழுதிப் பழக்குவதில்தான் சிக்கல்.

இரவில் வரும் எல்லாச் செய்தியும் காலை வரை காத்திருக்காது. காலையில் பயணம் போகும் ஒருவர், எடுத்துப்போன உடையில் தையல் விட்டுவிட்டதென்று இரவில் எழுதலாம். அப்போது பதில் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் யார் பிழை என்று பேசப்போவதில்லை. “படத்தைப் பார்த்தோம். காலை 6.30க்குக் கொண்டு வாருங்கள், நீங்கள் நிற்கும்போதே தைத்துத் தருகிறோம்” என்று இரண்டு வாக்கியம். பிழை யாருடையது, பணம் எவ்வளவு என்பவை பகலில் பேசவேண்டியவை. களைத்த நேரத்தில் எழுதியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தியது என்ற அடையாளம் அதில் நிற்கும், முதலில் எழுதியதை அவர் ஏற்கனவே வாசித்தும் இருக்கலாம்.

கோபத்தோடு வரும் நீண்ட குரல்பதிவுக்குக் குரலில் பதில் சொல்வதை ராத்தா விரும்புவதில்லை. குரலுக்குக் குரல் போனால் இரண்டும் ஏறும், மூன்றாம் பதிவில் பழைய கதையெல்லாம் வந்துவிடும். அவர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: “அவங்க சொன்னதுல நம்மளால செய்யக்கூடியது எது என்டு முதல்ல எழுது, மத்தத காலையில நான் கோல் எடுத்துப் பேசுறன்.” பேசி முடித்த பிறகு, அந்த அழைப்பில் முடிவானதை நான் மறுபடியும் மூன்று வரியில் எழுதி அனுப்புவேன்: என்ன திருத்துவது, எவ்வளவு பணம், எந்த நாள். அழைப்பில் பேசியது இரண்டு நாளில் இருவருக்கும் வெவ்வேறாக ஞாபகமிருக்கும். அந்த மூன்று வரி இருவரிடமும் ஒன்றாகவே இருக்கும்.